கிளப் மாமாவின் 31ஆம் நாளில் ஏழு நிமிடம் பேச வேண்டும், என்ன சொல்வது?

பழைய பாடகன் | மார்ச் 2, இரவு 9.10

ஹட்டனில் கிளப் நடத்திய மாமா போன மாதம் காலமானது இங்கே பலருக்குத் தெரியும். 16ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை அதே ஹோலில் 31ஆம் நாள் நினைவுக் கூட்டம். அவருடைய மகள் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார். ஏழு நிமிடம்.

மேடைக்காக ஏங்கிய ரொக் பேண்ட்களுக்கு அவர்தான் முதல் மேடை கொடுத்தார். எங்கள் பேண்டும் அதில் ஒன்று. நேற்று இரவு உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். "கலைத்தாயின் தவப்புதல்வர், இளைஞர்களின் கலங்கரை விளக்கம்" என்று போனது. காலையில் எடுத்துப் படித்தால் அதில் மாமாவே இல்லை. பெயரை மாற்றினால் ஒரு பாடசாலை அதிபருக்கும் வாசிக்கலாம், கூட்டுறவுச் சங்கத் தலைவருக்கும் வாசிக்கலாம். கிழித்துப் போட்டுவிட்டேன்.

முதல் மேடை கொடுத்த ஒருவரைப் பற்றி என்ன சொன்னால் கேட்பவர்கள் "ஆமாம், இது அந்த மனுஷன்தான்" என்பார்கள்?

நுவரெலியா வெடிங்ஸ் | மார்ச் 3, காலை 7.02

ஆழ்ந்த அனுதாபங்கள். அந்த ஹோல் இன்னும் வாடகைக்குக் கொடுக்கிறார்களா? ஏப்ரல் சீசனில் ஒரு பார்ட்டிக்கு 80 பேருக்கு இடம் தேவை. ஜெனரேட்டர் உண்டா?

பழைய பாடகன் | மார்ச் 3, காலை 7.40

ஹோல் பற்றி இப்போது குடும்பத்தாரிடம் கேட்க முடியாது. 16ஆம் திகதி முடியட்டும்.

பதுளை ட்ரம்ஸ் | மார்ச் 3, பகல் 12.25

தம்பி, என் அப்பாவின் 31ஆம் நாளுக்கு நான்தான் பேசினேன். பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த காலம், ஓய்வு எடுத்த வருஷம் என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனேன். மூன்றாவது நிமிடத்தில் ஆட்கள் கதிரையில் நெளிய ஆரம்பித்தார்கள். அப்போது கையில் இருந்த தாளைவிட்டு, அப்பா மழைக்கோட்டை எப்போதும் கதவுக்கு வெளியேதான் மாட்டுவார், வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் விழக்கூடாது அவருக்கு, என்று சொன்னேன். முன்வரிசையில் இருந்த அத்தை விக்கி விக்கி அழுதார். அதற்குப் பிறகு எனக்கும் பேச முடியவில்லை, அது வேறு கதை.

நான் சொல்ல வருவது, ஒரே ஒரு நாளை எடுங்கள். உங்கள் பேண்ட் முதன்முதலில் ஏறிய நாள். அந்த நாளில் அவர் கையால் என்ன செய்தார் என்று மட்டும் எழுதுங்கள். அவர் நல்லவர் என்று ஒரு இடத்திலும் எழுத வேண்டாம்.

ரெக்கோர்ட் பெட்டி | மார்ச் 3, இரவு 8.15

இந்த மாதிரி ஆட்கள் உலகம் முழுக்க இருந்திருக்கிறார்கள். நியூயோர்க்கில் ஹில்லி கிரிஸ்டல் என்பவர் பங்க் பேண்ட்களை வளர்ப்பதற்கென்றே சிபிஜிபி என்று ஒரு கிளப் திறந்தார். ராமோன்ஸ் எல்லாம் அங்கிருந்துதான் வந்தார்கள். அந்தக் கதையோடு பேச்சைத் தொடங்கினால் கம்பீரமாக இருக்கும்.

சவுண்ட் அண்ணன் | மார்ச் 3, இரவு 10.50

பாதி சரி. அவர் பங்குக்காகத் திறக்கவில்லை. 1973 டிசம்பரில் திறந்தபோது மனதில் வைத்திருந்தது கன்ட்ரி, ப்ளூகிராஸ், ப்ளூஸ். அந்த மூன்றின் முதலெழுத்துதான் கிளப்பின் பெயரே. அந்த இசை அங்கே ஓடவில்லை, வேறெங்கும் இடம் கிடைக்காத பொடியன்கள் கதவைத் தட்டினார்கள், இவர் சரி என்றார். டெலிவிஷன் பேண்ட் 1974 மார்ச்சில் வாசித்தது, ராமோன்ஸ் அதே வருஷம் ஓகஸ்டில். அவருக்கே அந்த இசை ஆரம்பத்தில் பிடிக்கவில்லை என்பதுதான் கதையின் சுவையான பகுதி.

அவர் போட்ட ஒரு விதி முக்கியமானது. சொந்தப் பாட்டுத்தான் வாசிக்க வேண்டும். அடுத்தவர் பாட்டை வாசித்தால் கிளப் உரிமைக் கட்டணம் கட்ட வேண்டிவரும், அதற்குக் காசில்லை என்பதும் ஒரு காரணம். காரணம் எதுவாக இருந்தாலும், அந்த விதியால் பேண்ட்கள் பாட்டு எழுதப் பழகின. 2006 ஒக்டோபரில் வாடகைத் தகராறில் கிளப் மூடியது, கடைசி இரவு பாடியவர் பாட்டி ஸ்மித் என்ற ரொக் பாடகி. அடுத்த ஓகஸ்டில் கிரிஸ்டலும் போய்விட்டார்.

ஆனால் தம்பி, இதைப் பேச்சின் தொடக்கத்தில் போடாதே. ஹட்டன் ஹோலில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்கு நியூயோர்க் எதற்கு? மாமா நியூயோர்க்கைப் பார்த்துச் செய்தவர் இல்லை.

பழைய பாடகன் | மார்ச் 4, இரவு 11.30

அண்ணன் சொந்தப் பாட்டு விதியைச் சொன்னதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. மாமாவிடமும் அப்படி ஒன்று இருந்தது. ஐந்து பாட்டு வாசித்தால் அதில் ஒன்றாவது நம்முடையதாக இருக்க வேண்டும். "அடுத்தவன் பாட்டுக்குக் கைதட்டினா அது அவனுக்குப் போகும். ஒனக்குன்னு ஒரு தட்டு வாங்கிட்டுப் போ" என்பார். உரிமைக் கட்டணம் பற்றியெல்லாம் அவர் யோசித்ததில்லை.

பதுளை அக்கா சொன்ன மாதிரி ஒரே நாளை எழுதிப் பார்க்கிறேன். இங்கேயே எழுதுகிறேன், தப்பிருந்தால் சொல்லுங்கள்.

2011 ஜூலை. ஞாயிறு. மழை விட்டு விட்டுப் பெய்தது. நாங்கள் நாலு பேர் தோட்டத்திலிருந்து ஒரு லொறியின் பின்னால் ஏறி வந்தோம், கிட்டாரை யூரியா பையில் சுற்றி. ஹோலில் மாமாவைப் பார்த்தபோது சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிவப்பு பொலிஷ் போட்ட சீமெந்துத் தரை, கண்ணாடி மாதிரி. எங்களைப் பார்த்து முதலில் கேட்டது, "சாப்பிட்டீங்களாடா?" இரண்டாவது கேட்டது, "ட்ரம்ஸ் கால் மிதிக்கிறவன் யாரு?"

அந்தத் தரையில் பேஸ் ட்ரம் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு அங்குலம் முன்னால் வழுக்கும். இரண்டு பாட்டு முடிவதற்குள் ட்ரம்ஸ்காரன் காலை நீட்டிக்கொண்டு படுத்த மாதிரி வாசிப்பான். மாமா ஒரு பழைய கம்பளத்தை விரித்து, ட்ரம்மின் முன்னால் ஒரு செங்கல்லை வைத்தார். செங்கல்லுக்குப் பழைய ஸ்வெட்டர் கையைக் கிழித்து உறை தைத்திருந்தார், ட்ரம்மில் கீறல் விழாமல் இருக்க. அதை அவரே தைத்திருக்கிறார். நூல் முடிச்சு பெரிது பெரிதாக இருந்தது.

லொறியிலேயே கிட்டாருக்கு ஸ்ருதி சேர்த்துவிட்டோம் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "குளிர்ல சேத்தது சூட்டுல எறங்கிப் போகும். பைய விட்டு வெளியே எடு, அந்தச் சுவத்துல சாத்து, அரை மணி நேரம் தொடாத" என்றார். மேடைக்கு இரண்டு பெரிய பல்ப். அரை மணி கழித்துப் பார்த்தால் ஆறு கம்பியும் இறங்கியிருந்தது.

அப்புறம் மைக். நான் படத்தில் பார்த்த மாதிரி மைக்கின் தலையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு பாட ஆரம்பித்தேன். கீ என்று ஒரு கூவல், ஹோல் முழுக்கக் காதைப் பொத்தியது. பயத்தில் மைக்கை இன்னும் இறுக்கினேன், கூவல் ஏறியது. மாமா வந்து மிக்சரைத் தொடவே இல்லை. என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். மைக்குக்கும் என் உதட்டுக்கும் நடுவில் தன் நாலு விரலைச் சேர்த்து வைத்தார். "இவ்வளவுதான். கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்." கீழே என் பக்கவாட்டில் கிடந்த மொனிட்டர் பொக்ஸை என்னைப் பாராமல் சுவரைப் பார்க்கத் திருப்பினார். கூவல் நின்றது. அவர் விரலில் பொலிஷ் வாசனை.

இதை அப்படியே சொல்லலாமா?

சவுண்ட் அண்ணன் | மார்ச் 5, காலை 6.20

சொல்லலாம், ஒரு இடத்தைத் திருத்திவிட்டு. மொனிட்டரைச் சுவர் பக்கம் அவர் திருப்பியிருக்க மாட்டார். அப்படித் திருப்பினால் உனக்கு உன் குரலே கேட்காது, நீ கத்துவாய், ஸ்ருதி போகும். அந்த ஹோலில் இருந்த மைக்குகளை நான்தான் இரண்டு முறை சோல்டர் பண்ணிக் கொடுத்தேன். அந்த வகை மைக்குக்கு முன்னால் காது, பின்னால் செவிடு. மொனிட்டர் உன் பக்கவாட்டில் கிடந்ததால் மைக்கின் பாதிக் காதில் விழுந்தது. அவர் அதை இழுத்து உனக்கு நேர் எதிரே, மைக்கின் வால் பார்க்கும் இடத்தில் வைத்திருப்பார். பொக்ஸ் உன்னைத்தான் பார்த்திருக்கும்.

நீ தலையைப் பொத்தியதுதான் மூல காரணம். பின்பக்கம் செவிடாக இருப்பதற்கு அந்தக் கம்பி வலைக்குக் கீழே காற்று போக வழி வேண்டும். கையால் அடைத்தால் மைக் எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பிக்கும், ஸ்பீக்கரில் வருவதைத் திரும்ப எடுத்துத் திரும்ப அனுப்பும். அதுதான் கூவல். நாலு விரல் கணக்கும் சரியானது. தூரம் இரண்டு மடங்கானால் உன் குரல் மைக்கில் பாதியாகும், அதை ஈடுகட்ட சத்தத்தைத் திருகவேண்டி வரும், திருகினால் கூவும். மாமா பள்ளிக்கூடம் எட்டோடு நின்றவர். இதையெல்லாம் காதால் பிடித்தார்.

கேத்தல் விஷயத்தை எழுதவில்லையே?

பழைய பாடகன் | மார்ச் 5, காலை 6.55

அண்ணா, சரி. பொக்ஸ் எதிரில்தான் இருந்தது. பாடும்போது அதன் மேல் காலை வைத்ததும், அவர் தூரத்திலிருந்து கையால் "இறக்கு" என்று காட்டியதும் இப்போதுதான் ஞாபகம் வருகிறது. திருத்திவிட்டேன்.

கேத்தலை மறந்தே போனேன்.

சவுண்ட் அண்ணன் | மார்ச் 5, காலை 7.15

அந்த ஹோலுக்கு ஒரே ஒரு கரண்ட் லைன். தேத்தண்ணீர்க் கேத்தலும் அம்ப்களும் அதே லைனில். கேத்தலைப் போட்டால் அது மட்டும் ஒன்பது அம்பியர் பக்கம் இழுக்கும், பல்ப் மங்கும், அம்ப் உறுமும். ஆகவே பேண்ட் வாசிக்கும்போது கேத்தல் ஓஃப். இடைவேளையில்தான் ப்ளேன்டீ. அங்கே அவர் விற்றது ப்ளேன்டீயும் ரோல்ஸும் மட்டும்தான், கவனித்திருக்கிறாயா? ஷோ நாளில் ஹோலுக்குள் பாரைத் திறக்கவே மாட்டார். வருகிறவர்களில் பாதிப் பேர் பள்ளிக்கூடப் பொடியன்கள், 21க்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்பது சட்டப்படி குற்றம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார் வருமானத்தை விட்டுத்தான் அவர் உங்களை ஏற்றினார். கேட் காசும் பேண்ட்களுக்கே போனது. மிச்சம் அவருக்கு இருந்தது தேத்தண்ணீர்க் காசு. அதையும் பாட்டுக்காக அணைத்து வைத்தார்.

கொட்டகலைக்காரன் | மார்ச் 6, இரவு 9.45

எல்லோரும் உருகுகிறீர்கள், எனக்கு மனதில் இருப்பதைச் சொல்கிறேன். 2014இல் எங்கள் பேண்டுக்கும் அங்கேதான் முதல் மேடை. மூன்று மாதம் பயிற்சி. ஆறு பாட்டு. இரண்டாவது பாட்டு முடிந்ததும் அவர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். என் தங்கச்சி, அம்மா எல்லாம் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் சொந்தப் பாட்டு ஐந்தாவதாக இருந்தது. அதை யாரும் கேட்கவே இல்லை. அந்த பேண்ட் அதற்குப் பிறகு ஒரு தடவைகூடச் சேரவில்லை. கேட் காசிலிருந்து கையில் கொடுத்தது 600 ரூபாய். முதல் மேடை கொடுத்தார் என்று பேசுகிற அன்று, பிடுங்கியும் இருக்கிறார் என்று யாராவது சொல்வீர்களா?

பழைய பாடகன் | மார்ச் 7, இரவு 10.20

நேற்று இதற்கு உடனே கோபமாக ஒரு பதில் எழுதி அழித்தேன். இன்று மாமாவின் மகளிடம் போனில் கேட்டேன். அவருக்கு அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது.

சகோதரர், உங்கள் வேன் அன்று எத்தனை மணிக்கு வந்தது?

கொட்டகலைக்காரன் | மார்ச் 7, இரவு 10.41

லேட்தான். மண்சரிவு, ரோட்டில் ஒரு பக்கம் மட்டும் விட்டார்கள். அது எங்கள் தப்பா?

பழைய பாடகன் | மார்ச் 8, காலை 8.30

உங்கள் தப்பு இல்லை. அவர் ஏன் அணைத்தார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

மாமாவின் ஷோ எப்போதும் பகல் இரண்டு மணிக்கு. ரொக் ஷோவைப் பகலில் வைக்கிறாரே என்று கண்டியிலிருந்து வந்த பேண்ட்கள் கேட்டிருக்கின்றன. தோட்டங்களுக்குப் போகிற கடைசி பஸ் அதற்குக் காரணம். மேல் டிவிஷன்களுக்குப் போகிறவர்கள் ஆறு மணி பஸ்ஸை விட்டால், மழையில் மூன்று நாலு மைல் நடக்க வேண்டும், ஆட்டோவுக்குக் காசிருக்காது. முதல் வருஷம் ஒரு ஷோ இழுத்துக்கொண்டே போய், இரண்டு பெண் பிள்ளைகள் பஸ்ஸை விட்டுவிட்டு இருட்டில் நடந்து போயிருக்கிறார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த நாள் காலையில் அந்த லயத்துக்கே போய் அவர்களுடைய அப்பாவிடம் மாமா மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து ஐந்தே முக்கால் ஆனால் சுவிட்ச் ஓஃப், யார் மேடையில் இருந்தாலும்.

நீங்கள் ஏறியது ஐந்தரைக்கு. இரண்டு பாட்டுக்குத்தான் நேரம் இருந்தது. அதை அவர் உங்களிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். "சொந்தப் பாட்டை முதல்ல வாசிங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்லவில்லை என்பது அவருடைய பிழைதான். மகளும் அதை ஒத்துக்கொண்டார். "அப்பாவுக்குக் கைதான் பேசும், வாய் பேசாது" என்றார்.

600 ரூபாய் பற்றி: அன்று ஐந்து பேண்ட். கேட் காசைத் தலைக்கு இவ்வளவு என்று இல்லாமல் பேண்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்துக் கொடுப்பது அவர் வழக்கம். மழை நாள், கூட்டம் குறைவு. கண்டியிலிருந்து பெரிய வேனில் வந்தவர்களுக்கும் அதே 600தான்.

கொட்டகலைக்காரன் | மார்ச் 8, பகல் 1.05

பஸ் விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு மாதிரி நினைத்திருப்பேனோ என்னவோ. ஆனாலும் அம்மா முன்னால் விளக்கு அணைந்தது அணைந்ததுதான். அம்மா இப்போது இல்லை.

பதுளை ட்ரம்ஸ் | மார்ச் 8, மாலை 4.30

தம்பி, சுவிட்ச் அணைத்த கதையைப் பேச்சில் சேருங்கள். அணைந்தபோது மேடையில் நின்றவனுக்கு வலித்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ரெக்கோர்ட் பெட்டி | மார்ச் 8, மாலை 5.10

நினைவுக் கூட்டத்தில் குறை சொல்வது நம்ம பண்பாடு இல்லை. துக்க வீட்டில் இதெல்லாம் எடுக்கக்கூடாது.

பழைய பாடகன் | மார்ச் 9, இரவு 11.15

இரண்டு பேர் சொல்வதும் மனதில் கிடக்கிறது. இதைத் தள்ளி வைத்துவிட்டு இன்னொன்றைக் கேட்கிறேன், இதுவும் எனக்குப் பாரமாக இருக்கிறது.

மாமாவின் மேடையில் தப்பு மேளம் ஏறியதை நீங்கள் யாராவது பார்த்தீர்களா? எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவன். அவன் தாத்தா காலத்திலிருந்து காமன் கூத்துக்கும் சாவு வீட்டுக்கும் தப்படிக்கிற குடும்பம். ட்ரம்ஸ் வாங்க வழியில்லாமல் தப்பையே கொண்டுவந்தான். பேண்டில் இருந்த மற்றவர்களே தயங்கினார்கள். பார்க்க வந்த பெரியவர் ஒருவர் "சாவு மேளத்த ஹோலுக்குள்ள ஏத்தாதீங்க" என்று எழுந்துவிட்டார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன சாதி இருக்கிறது என்று நமக்கெல்லாம் தெரியும்.

மாமா ஒன்றும் பேசவில்லை. அடுப்பில் காகிதத்தைப் போட்டுத் தீ மூட்டி, அந்தப் பையனை உட்கார வைத்து, தப்பின் தோலைத் தீயில் காட்டினார். மழைக்குளிரில் தோல் தளர்ந்து தொம் தொம் என்று செத்துக் கிடந்தது. சுண்டிச் சுண்டிப் பார்த்து, சூடு ஏற ஏறத் தோல் இறுகி, கணீர் என்று வந்ததும் எழுந்து அவரே மேடையில் கொண்டுபோய் வைத்தார். அம்ப் சத்தத்தில் தப்பு அமுங்கிவிடும் என்று, இருந்த இரண்டு மைக்கில் ஒன்றை அதற்குக் கொடுத்தார். பாடகனுக்கு ஒரே மைக். மூன்று பாட்டுக்கு ஒரு தடவை இறங்கித் தீயில் காட்டவேண்டி வந்தது. அதுவரை எல்லோரும் காத்திருந்தோம்.

அந்தப் பையன் இப்போது கொழும்பில் வேலை செய்கிறான். 16ஆம் திகதி தப்போடு வருகிறேன் என்கிறான். குடும்பத்தில் சிலருக்கு விருப்பம் இல்லை. 31ஆம் நாளில் தப்படித்தால் மறுபடியும் சாவு வீடு மாதிரி ஆகிவிடும் என்கிறார்கள். சிலருக்குக் காரணம் அது மட்டும் இல்லை என்றும் எனக்குத் தோன்றுகிறது.

சவுண்ட் அண்ணன் | மார்ச் 10, காலை 6.05

அதை நீ தீர்மானிக்கிறவன் இல்லை, மகள் தீர்மானிக்கட்டும். நீ செய்யக்கூடியது தீயில் தோல் காய்ச்சிய கதையைச் சொல்வது. சொன்ன பிறகு யார் எழுந்து போகிறார்கள் என்று அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

பழைய பாடகன் | மார்ச் 12, இரவு 10.00

கணக்கு. எழுதியதை வாய்விட்டு வாசித்து நேரம் பார்த்தேன். 910 சொற்கள், பத்து நிமிடம். மனதுக்குள் வாசித்தபோது ஆறு நிமிடம்தான் வந்தது, அதை நம்பியிருந்தால் மாட்டியிருப்பேன். நின்றுகொண்டு, மூச்செடுத்து, ஒருவருக்குச் சொல்வது போலச் சொன்னால் எனக்கு நிமிடத்துக்குத் தொண்ணூறு சொல் சொச்சம்தான் போகிறது. அதோடு கண்டியிலிருந்து சிங்கள பேண்ட்காரர்கள் இரண்டு பேர் வருகிறார்கள். மாமா அவர்களை "மல்லி" என்றுதான் கூப்பிடுவார், அவருக்கு அதற்கு மேல் சிங்களம் அதிகம் வராது. அவர்களுக்காக நாலு வாக்கியம் சிங்களத்தில் சொல்ல வேண்டும், அதற்கு ஒரு நிமிடம். ஆகத் தமிழுக்கு மிச்சம் ஆறு நிமிடம், 550 சொல்.

வெட்டினேன். ஸ்ருதி இறங்கிய கதை போனது. கேத்தல் ஒரு வாக்கியமானது. நியூயோர்க் முழுக்கப் போனது, ரெக்கோர்ட் பெட்டி மன்னிக்கவும். செங்கல், நாலு விரல், சுவிட்ச், தப்பு. இந்த நாலும் இருக்கின்றன.

சுவிட்ச் கதையைப் பெயர் சொல்லாமல் வைத்திருக்கிறேன். கொட்டகலைக்காரரே, உங்களுக்குச் சம்மதம் இல்லையென்றால் நாளைக்குள் சொல்லுங்கள், எடுத்துவிடுகிறேன்.

கொட்டகலைக்காரன் | மார்ச் 13, காலை 5.50

வையுங்கள். அஞ்சாவது பாட்டு எங்களுடையது என்பதையும் சொல்லுங்கள்.

பதுளை ட்ரம்ஸ் | மார்ச் 13, பகல் 12.10

அழுகை வந்தால் நிறுத்திவிடுங்கள், அடக்கிக்கொண்டு பேசினால் குரல் கீச்சிடும். தாளில் எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள், ஒரு பக்கம் மட்டும். கண்ணீர் வந்தால் சின்ன எழுத்து தெரியாது. எனக்கு நடந்தது.

பழைய பாடகன் | மார்ச் 17, இரவு 9.30

நேற்று முடிந்தது. நடந்ததை எழுதுகிறேன்.

ஹோல் நிறைந்து வெளியே படியிலும் ஆட்கள் நின்றார்கள். மழை இல்லை. தரை துடைத்திருந்தது, பொலிஷ் போடவில்லை. அதைப் பார்த்ததும்தான் எனக்கு முதலில் தொண்டை அடைத்தது.

மைக் முன்னால் நின்றதும் தாளைப் பார்க்காமல் நாலு விரலை உதட்டுக்கும் மைக்குக்கும் நடுவில் வைத்தேன். திட்டம் போட்டுச் செய்யவில்லை, கை தானாகப் போனது. பின்வரிசையில் பழைய பேண்ட்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் அதே மாதிரி நாலு விரலைத் தூக்கிக் காட்டினார்கள். அத்தனை பேருக்கும் அந்த விரலை அவர் வைத்திருக்கிறார் என்று எனக்கு அதுவரை தெரியாது. என்னை மட்டும்தான் அப்படித் திருத்தினார் என்று பதினாலு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொடக்கம் இப்படிப் போனது: "மாமா என்கிட்ட முதல்ல கேட்டது சாப்பிட்டியான்னு. ரெண்டாவது கேட்டது ட்ரம்ஸ் மிதிக்கிறவன் யாருன்னு. அந்த ட்ரம்முக்கு முன்னால வைக்க அவர் ஒரு செங்கல்லுக்குச் சட்டை தைச்சு வைச்சிருந்தார்." எழுதியது எழுத்துத் தமிழில். வாயில் வந்தது இதுதான்.

சுவிட்ச் கதைக்கு வந்தபோது ஹோல் அமைதியானது. பஸ்ஸைச் சொன்னேன், இரண்டு பிள்ளைகள் நடந்ததைச் சொன்னேன், அவர் லயத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டதைச் சொன்னேன். பிறகு, அப்படி அணைந்த ஒரு நாளில் ஒரு பேண்டின் ஐந்தாவது பாட்டை அதை எழுதியவனுடைய அம்மா கேட்காமல் போய்விட்டார், மாமா அதற்கு ஒருபோதும் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும் என்று சொன்னேன். முன்வரிசையில் ஒரு பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், தலையசைத்தார்.

தப்புக் கதைக்குப் பிறகு அந்தப் பையன் எழுந்து நின்றான். மகள் அவனுக்கு அனுமதி கொடுத்திருந்தார், ஆனால் உள்ளே இல்லை, வாசலில். வாசலில் தீ மூட்டித் தோலைக் காய்ச்சி அடித்தான். உறவினர்களில் மூன்று நாலு பேர் அப்போதே கிளம்பினார்கள். உள்ளே அடிக்க விட்டிருக்க வேண்டும் என்று நான் இன்னும் நினைக்கிறேன். அதைப் பற்றி மகளிடம் பேசவில்லை.

மொத்தம் எட்டரை நிமிடம் ஆகிவிட்டது. சிங்களப் பகுதியில் இரண்டு இடத்தில் தடுமாறினேன், அவர்களே எடுத்துக்கொடுத்தார்கள்.

சவுண்ட் அண்ணன் | மார்ச் 17, இரவு 10.15

நான் மிக்சர் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு தடவைகூடக் கூவவில்லை.

கொட்டகலைக்காரன் | மார்ச் 18, காலை 6.40

நானும் வந்திருந்தேன். படியில் நின்றேன். சாப்பாட்டுக்கு நிற்கவில்லை, பஸ் இருந்தது.

பழைய பாடகன் | மார்ச் 18, இரவு 8.50

நின்றிருந்தால் பார்த்திருக்கலாம். பரவாயில்லை. அந்த ஐந்தாவது பாட்டு இன்னும் உங்களிடம் இருக்கிறதா?

கொட்டகலைக்காரன் | மார்ச் 18, இரவு 9.20

சொற்கள் இருக்கின்றன. மெட்டு பாதிதான் ஞாபகம். எங்கள் கிட்டார்காரன் கட்டாரில். கேட்டுப் பார்க்கிறேன்.

பழைய பாடகன் | மார்ச் 23, மாலை 6.10

வெடிங்ஸ்காரர் கேட்டதற்கும் பதில்: ஹோலை என்ன செய்வது என்று குடும்பம் இன்னும் முடிவு செய்யவில்லை. அம்ப் இரண்டையும் சவுண்ட் அண்ணன் எடுத்துப்போய்த் துடைத்து வைத்திருக்கிறார். கம்பளம் எலி கடித்துப் போய்விட்டது.

செங்கல் என்னிடம் இருக்கிறது, ஸ்வெட்டர் உறையோடு. மகள் ஒரு பேக்கரிப் பையில் போட்டுக் கொடுத்தார். யாருக்காவது ட்ரம்ஸ் வழுக்குகிற தரையில் ஷோ இருந்தால், முதல் நாள் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன். முடிந்ததும் திருப்பித் தர வேண்டும்.